கைபேசித் திரைக்கு ஸ்லைடு எழுதுதல்: அளவு, நிறம், இடைவெளி

கிராமச் சுகாதாரச் செவிலியராக இருக்கும் என் தங்கை, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு, கடையில் விற்கும் பொட்டலம் கிடைக்காத வேளையில், வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் முறையைத் தன் பகுதித் தாய்மார்களுக்கு விளக்க வேண்டி, ஒரு நாள் இரவு கணினியின் முன் அமர்ந்து ஒரே ஒரு ஸ்லைடைச் செய்து முடித்தாள். ஒரு லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு என்பதே அதன் சாரம். அதனோடு கை கழுவுதல், பாத்திரம், கொடுக்கும் வேளை, ஒரு நாள் கழிந்த கரைசலைக் கொட்டிவிடுதல் முதலிய விஷயங்களையும் சேர்த்து ஒன்பது வரிகள் ஆகியிருந்தன. கணினித் திரையில் எனக்குக் காட்டினாள். எழுத்து தெளிவாகவே இருந்தது, நானும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொன்னேன். மறுநாள் காலை அது தாய்மார்களின் கைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ஒரு பெண் அவளை அழைத்து, “உப்பு ரெண்டு கரண்டியாக்கா?” என்று கேட்டாள். ஸ்லைடில் இருந்தது ½ என்ற குறி. அந்தச் சிறு திரையில் மேலே நின்ற ஒன்றும் சாய்ந்த கோடும் மங்கி மறைந்துபோக, கீழே இருந்த இரண்டு மட்டும் அவள் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. நான்கு மடங்கு உப்பு கலந்த நீர், நீர் வற்றிக் கிடக்கும் குழந்தைக்கு எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதை என் தங்கை அறிவாள்; அவள் அன்று நடுங்கிப்போனது நியாயமே. அந்த ஸ்லைடை அன்று மாலை நாங்கள் இருவருமாக உட்கார்ந்து திருத்தினோம். அப்பொழுது என்னென்ன செய்தோம், எக்காரணத்தால் செய்தோம் என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் ஓர் அளவுகோலை எடுத்து அவளுடைய கைபேசித் திரையின் அகலத்தை அளந்தோம். 6.8 சென்டிமீட்டர் இருந்தது. இன்று பெரும்பாலோர் கையில் இருக்கும் கைபேசிகள் ஏறத்தாழ இந்த அகலமே உடையவை. பிறகு பவர்பாயிண்டில் அவள் செய்த ஸ்லைடின் அகலத்தைப் பார்த்தோம். `Design` பட்டியில் `Slide Size` என்பதைத் திறந்தால் அது தெரியும். வழக்கமான அகன்ற ஸ்லைடு 33.87 சென்டிமீட்டர் அகலமும் 19.05 சென்டிமீட்டர் உயரமும் உடையது. கைபேசியை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது முப்பத்துநான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள இந்தப் பக்கம் முழுதும் ஏழு சென்டிமீட்டருக்குள் ஒடுங்க வேண்டியிருக்கிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே, கணினியில் 20 பாயிண்ட் என்று எண் காட்டும் எழுத்து, கைபேசிக் கண்ணாடியின்மேல் உண்மையில் 4 பாயிண்ட் எழுத்தாகத்தான் நிற்கிறது. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. நான்கு பாயிண்ட் எழுத்தின் முழு உயரமே ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மருந்துப் பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மிகச் சிறிய எழுத்தை நினைத்துக்கொண்டால் அதன் சிறுமை விளங்கும்.

இங்கே வாசகர் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. மென்பொருளின் எழுத்தளவுக் கட்டத்தில் காணும் எண், அந்த ஸ்லைடின் சொந்த அகலத்தைப் பொறுத்த எண்ணேயன்றி, படிப்பவர் கண்ணுக்கு எட்டும் அளவைச் சொல்வதன்று. கூகுள் ஸ்லைட்ஸில் வழக்கமான பக்கத்தின் அகலம் 25.4 சென்டிமீட்டர்தான், ஆதலால் அதில் எழுதிய 20 பாயிண்ட், பவர்பாயிண்டில் எழுதிய 20 பாயிண்டைவிடக் கைபேசியில் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். “ஸ்லைடில் 24 பாயிண்டுக்குக் குறையாமல் எழுதுக” என்று பொதுவாகச் சொல்லப்படும் விதி, அறையின் சுவரில் விழும் பெரிய பிம்பத்தை மனத்தில் கொண்டு பிறந்த விதி. உள்ளங்கையில் அந்த இருபத்துநான்கு ஐந்தேகூட ஆவதில்லை.

அப்படியானால் கண்ணாடியின்மேல் எழுத்து எவ்வளவு இருந்தால் போதும்? நாளிதழின் செய்தி எழுத்தை நான் பிரமாணமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கத் தெரிந்த எவரும், நாற்பதைத் தாண்டிக் கிட்டப்பார்வை தளரத் தொடங்கியவர் உட்பட, ஒருவாறு சிரமமின்றிப் படித்துப் பழகிய அளவு அது. கைபேசியில் 9 பாயிண்டுக்குக் குறையாமல் எழுத்து அமைய வேண்டும் என்று நிர்ணயம் செய்துகொண்டால், கணக்கைத் திருப்பிப் போட வேண்டியதுதான்: ஸ்லைடின் அகலத்தைக் கைபேசியின் அகலத்தால் வகுத்து, வந்த எண்ணை ஒன்பதால் பெருக்குக. பவர்பாயிண்டின் அகன்ற பக்கத்துக்கு விடை 45. கூகுள் ஸ்லைட்ஸின் பக்கத்துக்கு 34. நாங்கள் 48 என்று எடுத்துக்கொண்டோம்.

நாற்பத்தெட்டு என்றதும் என் தங்கை திகைத்தாள். அவளுடைய தலைப்பே 44 பாயிண்டில் அல்லவா இருந்தது! அந்த அளவில் எழுதினால் ஒரு வரியில் இருபதெழுத்துச் சொச்சமே அடங்கும். பக்கம் முழுவதிலும் தலைப்போடு சேர்த்து ஆறு வரிகளுக்கு மேல் இடமில்லை. அவளிடமோ ஒன்பது வரிகள், அவற்றில் சில இரண்டாக மடிபவை. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் மனம் தளர்ந்து எழுத்தைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். ஆனால் எழுத்தைச் சிறிதாக்குவதைத் தவிர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விஷயத்தைப் பல ஸ்லைடுகளாகப் பிரிப்பது. மற்றொன்று, பக்கத்தையே நிமிர்த்தி வைப்பது. இந்த இரண்டாவது வழியின் பயனைப் பலர் உணர்வதில்லையாதலால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

அகன்ற பக்கம், நிமிர்ந்த கைபேசியில் 6.8 சென்டிமீட்டர் அகலமும் 3.8 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சிறு பட்டையாக நடுவில் நிற்க, மேலும் கீழும் திரை வெறும் கறுப்பாகக் கிடக்கிறது. கைபேசியைப் படுக்கையாகத் திருப்பிப் பிடித்தால் எழுத்து பெரிதாகும் என்பது உண்மையே. ஆயினும் இடுப்பில் குழந்தையும் ஒரு கையில் கைபேசியுமாக நிற்கும் தாய் அப்படித் திருப்பிப் பிடிப்பாள் என்று நம்பி நாம் எழுதலாகாது. பலர் கைபேசியில் திரை தானாகத் திரும்பும் வசதியே அணைக்கப்பட்டிருக்கும். இரு விரலால் விரித்துப் பெரிதாக்கலாமே என்பாரும் உண்டு. விரித்தால் வரியின் வலப்பாதி திரைக்கு வெளியே போய்விடும், வரிதோறும் பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் படிப்பவர் தலையில் சுமத்துவதைவிட, `Slide Size` என்பதன் கீழ் `Custom Slide Size` என்பதைத் திறந்து, `Portrait` என்று தேர்ந்து, அகலத்தை 19.05 ஆகவும் உயரத்தை 33.87 ஆகவும் மாற்றிவிடுவது எழுதுபவருக்கு அரை நிமிட வேலை. அப்போது பக்கம் கைபேசித் திரையின் பெரும்பகுதியை நிரப்புகிறது; சுருக்கமும் ஐந்தில் ஒன்றாக இல்லாமல் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாக நிற்கிறது. 28 பாயிண்ட் எழுத்தே கண்ணாடியின்மேல் 10 பாயிண்டாகத் தெரிகிறது. வரிக்கு எழுத்தின் தொகை ஏறக்குறைய முன்போலவே இருக்க, ஆறு வரி கொண்ட பக்கம் இருபது வரிக்கு இடம் கொடுக்கிறது. ஸ்லைடு சுவரிலும் காட்டப்பட வேண்டுமானால் இந்த வழி உதவாது. அங்கே பக்கத்தின் இருபுறமும் வெறுமையாகிவிடும். அப்போது முதல் வழியே கதி. கைபேசிக்கு மட்டுமே போகும் ஸ்லைடைப் படுக்கையாகச் செய்வதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை.

என் தங்கையின் ஸ்லைடில் எழுத்து 20 பாயிண்டுக்கு எப்படி இறங்கியது என்பதும் அறியத்தக்கது. அவள் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவேயில்லை. பவர்பாயிண்டின் வழக்கமான உரைப்பெட்டி 28 பாயிண்டில் தொடங்குகிறது. வரிகள் பெட்டியை மீறும்போது, மென்பொருள் ஒன்றும் சொல்லாமல் எழுத்தையும் வரி இடைவெளியையும் தானே சுருக்கிக்கொண்டே போகிறது. ஒன்பதாம் வரியை அடித்து முடித்தபோது எழுத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெட்டியை வலப்பொத்தானால் சொடுக்கி, `Format Shape`, `Text Options`, `Text Box` என்று சென்று, `Do not Autofit` என்பதைத் தேர்ந்துகொண்டால் இந்தச் சுருக்கம் நின்றுவிடும். வரி மிகுந்தால் பெட்டிக்கு வெளியே வழியும். அந்த வழிதல் கண்ணை உறுத்துவதே நல்லது. இந்த ஸ்லைடில் இதற்கு மேல் இடமில்லை என்பதை எழுதுபவருக்கு அது நேரே காட்டிவிடுகிறது.

அளவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. எழுத்துரு எதுவாயினும் பாயிண்ட் ஒன்றானால் தோற்றமும் ஒன்றாயிருக்கும் என்று எண்ணலாகாது. ஒரே 28 பாயிண்டில் விஜயா என்ற எழுத்துருவின் ககரம் சிறுத்தும், லதாவின் ககரம் பருத்து அகன்றும் நிற்பதை அருகருகே அடித்துப் பார்த்தால் காணலாம். நாங்கள் நிர்மலா யூஐ எழுத்துருவை வைத்துக்கொண்டோம். நோட்டோ சான்ஸ் தமிழும் இந்த உபயோகத்துக்குக் குறைவற்றது. கோடுகள் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும் அலங்கார எழுத்துருக்களில், மெல்லிய கோடுதான் சிறு திரையில் முதலில் மறைகிறது. தடித்த வடிவமும் ஓர் அளவுக்கு மேல் உதவுவதில்லை. ணகரத்தின் சுழிகள் மை அடைத்தாற்போல் நிரம்பி, ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே தடிப்பைத் தலைப்புக்கும் ஓரிரு முக்கியச் சொற்களுக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். ½ என்ற குறியை எடுத்துவிட்டு “அரை” என்று எழுத்தாலேயே எழுதினோம். ஓர் எழுத்தின் இடத்துக்குள் இரண்டு எண்களையும் ஒரு கோட்டையும் அடக்கும் பின்னக் குறியில், எண் ஒவ்வொன்றும் மற்ற எழுத்தில் பாதியளவே இருக்கும்; சுற்றியுள்ள எழுத்து 9 பாயிண்டானாலும் அது ஐந்தைத் தாண்டாது. மேலெழுத்து, கீழெழுத்து, அடைப்புக்குள் இடும் சிறு குறிப்பு எல்லாவற்றுக்கும் இதுவே கதி.

இனி நிறம். ஸ்லைடின் வரிகள் வெள்ளைத் தரையில் இளஞ்சாம்பல் நிறத்தில் இருந்தன. எச்சரிக்கை மட்டும் நீலப் பெட்டிக்குள் சிவப்பாக இருந்தது. கணினித் திரையில் அந்தச் சிவப்புதான் எடுப்பாகத் தோன்றிற்று. கைபேசியிலோ அதுவே எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. கண் எழுத்தின் வடிவத்தை அறிவது பெரும்பாலும் ஒளியின் ஏற்றத்தாழ்வால்; நிறத்தின் வேற்றுமை அதற்கு மிகக் குறைவாகவே துணை செய்கிறது. சிவப்பும் நீலமும் எவ்வளவு வேறான நிறங்களாயினும் இரண்டும் ஒளி குன்றியவையாதலால், ஒன்றின்மேல் ஒன்று நிற்கும்போது ஓரங்கள் அதிர்ந்து கலங்குகின்றன. இந்த ஒளி வேற்றுமையை மதிப்பிட, வலைப்பக்கங்களின் அணுகுதன்மைக்கான பன்னாட்டு நெறிகள் ஒரு விகிதத்தை வகுத்திருக்கின்றன:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

இதில் `L1` என்பது இரண்டில் ஒளி மிகுந்த நிறத்தின் ஒளிர்வு, `L2` ஒளி குறைந்ததன் ஒளிர்வு. வெள்ளைக்கு ஒளிர்வு ஒன்று, கறுப்புக்குப் பூஜ்யம். ஆகவே கறுப்பும் வெள்ளையும் சேரும்போது விகிதம் 21 ஆகிறது, அதுவே உச்சம். இரண்டும் ஒரே நிறமானால் விகிதம் 1. வாசகர் இதைக் கையால் கணக்கிட வேண்டியதில்லை. நிறக் குறியீடுகள் இரண்டைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் இலவசக் கருவிகள் உள்ளன. எங்கள் ஸ்லைடின் சாம்பல் `#999999`, வெள்ளையின்மேல் 2.85தான், நீலத்தின்மேல் சிவப்பு 2.15. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது அந்த நெறிகளின் சட்டம்; உயர்ந்த தரத்துக்கு 7. பெரிய எழுத்துக்கு 3 போதும் என்று ஒரு விலக்கும் அங்கே உண்டு. ஆனால் 48 பாயிண்டில் எழுதிவிட்டோம், அது பெரிய எழுத்தல்லவா என்று நாம் அந்த விலக்குக்குள் புகக்கூடாது. கண்ணாடியின்மேல் அது ஒன்பதரை பாயிண்ட் எழுத்தே. ஸ்லைடின் எல்லா எழுத்துக்கும் 7 என்பதையே நான் எல்லையாகக் கொள்கிறேன்.

எழுத்துகளை `#222222` என்ற கருமைக்கு மாற்றினோம். வெள்ளையின்மேல் அதன் விகிதம் ஏறத்தாழ 16. எச்சரிக்கைக்கு நீலப் பெட்டியை நீக்கி, வெள்ளைத் தரையிலேயே `#990000` என்ற ஆழ்ந்த சிவப்பை இட்டோம். அது 9ஐ ஒட்டி நிற்கிறது. பளிச்சென்ற `#FF0000` சிவப்பு வெள்ளையின்மேல் 4ஐத் தாண்டுவதில்லை என்பதை அறிந்து என் தங்கை வியந்தாள்.

கருந்தரையில் வெள்ளை எழுத்து ஆகாதா என்று கேட்கலாம். விகிதக் கணக்கில் இரண்டும் சமமே. இருட்டறையில் அது கண்ணுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் கிராமத்துத் தாய்மார் கைபேசியைப் பார்ப்பது வாசல் திண்ணையிலும் கிணற்றடியிலும் வயல் வரப்பிலும். அங்கே வானத்தின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, கருந்தரை சாம்பலாகிவிடுகிறது. அதோடு முகமும் மரமும் அதில் கண்ணாடிபோல் தெரிகின்றன. வெண்தரையிலும் எழுத்து சற்று வெளுக்கத்தான் செய்யும். ஆயினும் தரை தெளிவாக நிற்பதால் பிம்பம் குறுக்கிடுவதில்லை. பகலில் வெளியே படிக்கப்படும் எதற்கும் வெண்தரையே தக்கது. புகைப்படத்தின்மேல் எழுத்தை இடுவதைப் பற்றி விவாதமே வேண்டாம். எழுத்தின் பாதி ஆகாயத்திலும் பாதி புடவையிலும் விழும்போது எந்த விகிதமும் நிலைக்காது.

மூன்றாவது, இடைவெளி. இதில் தமிழெழுத்துக்கென்றே உள்ள ஒரு தேவை இருக்கிறது. பவர்பாயிண்டின் வழக்கமான உரைப்பெட்டியில் வரி இடைவெளி 0.9, ரோமன் எழுத்துகளுக்கு அது ஒருவாறு பொருந்தும். தமிழில் கீ, டீ என்பவற்றின் சுழி மேலே ஏறுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி மேலே நிற்கிறது. கூ, மூ, ழூ என்பவற்றின் வால் கீழே இறங்குகிறது. வரிகள் நெருங்கினால் மேல் வரியின் வால் கீழ் வரியின் புள்ளியைத் தின்றுவிடும். “பால்” என்பது “பால” ஆகும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி: “கூழூமூ” என்று ஒரு வரியும் அதன் கீழ் “கீடீல்ஞ்” என்று மற்றொரு வரியும் அடித்து, இரண்டுக்கும் நடுவே தெளிவான வெண்மை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நிர்மலாவுக்கு `Multiple` என்பதில் 1.1 வைத்தபோது அந்த வெண்மை கிடைத்தது. வேறு எழுத்துருவுக்கு 1.2கூட வேண்டியிருக்கலாம்.

அதனினும் முக்கியமானது ஓர் அறிவுரை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். வரிகள் குறுகியவையாதலால் ஒவ்வோர் அறிவுரையும் இரண்டு மூன்று வரிகளாக மடிகிறது. மடிந்த வரிக்கும் புதிய அறிவுரைக்கும் இடைவெளி ஒன்றாயிருந்தால், ஆறு கரண்டி எதற்கு, அரைக் கரண்டி எதற்கு என்று கண் தடுமாறும். நிமிர்ந்த பக்கத்தில் நாங்கள் வைத்த 30 பாயிண்ட் எழுத்துக்கு, பத்தியின் பின் 18 பாயிண்ட் வெற்றிடத்தை `After` என்ற கட்டத்தில் இட்டோம். பெரிய எழுத்தானால் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். இருபுற ஓரமும் சமமாக நிற்கும்படி வரிகளை நீட்டாமல் இடப்புறம் மட்டும் நேராக்கினோம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை, வரிக்கு இரண்டு மூன்றே அடங்கும், அவற்றை இழுத்து நிறுத்தினால் நடுவே பள்ளம் விழும். எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியை `Normal` என்றே விட்டோம். அதை நெருக்கினால் ரகரமும் காலும் ஒன்றோடொன்று இடிக்கும்; மிகத் தளர்த்தினால் “கெ” என்பதன் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி முன்னெழுத்தைச் சேர்ந்ததுபோல் தோன்றும்.

முடிந்த வடிவம் இப்படியிருந்தது. நிமிர்ந்த பக்கம்; மேலே 40 பாயிண்டில் “உப்புச் சர்க்கரைக் கரைசல்”; அதன்கீழ் 30 பாயிண்டில் மூன்றே பொருள்கள், ஒவ்வொன்றும் தனிப் பத்தி; அளவைச் சொல்லும் “ஒரு லிட்டர்”, “ஆறு”, “அரை” என்ற சொற்கள் மட்டும் தடித்து; “கரண்டியைத் தலைதட்டி அளக்கவும்” என்பது ஆழ்ந்த சிவப்பில். கை கழுவுதலும் கொடுக்கும் முறையும் இரண்டாம் ஸ்லைடுக்குப் போயின. அந்த வாரமே அவள் செய்யவிருந்த தடுப்பூசி அட்டவணை இந்த முறைக்கு இணங்கவில்லை. ஐந்து நெடுவரிசைகள் உள்ள பட்டியல் ஏழு சென்டிமீட்டருக்குள் படிக்கத்தக்க எந்த எழுத்தளவிலும் அடங்காது. அதை வயதுக்கு ஒரு ஸ்லைடாகப் பிரித்தே எழுத வேண்டியதாயிற்று.

அனுப்பும் விதத்திலும் கவனம் தேவை. மூலக் கோப்பையே அனுப்பினால், நாம் வைத்த எழுத்துரு அந்தக் கைபேசியில் இல்லாதபோது வேறொன்று வந்து நிற்கும். வரிகள் வேறிடத்தில் மடியும், இடைவெளியெல்லாம் குலையும். பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு உடன் செல்லும். படமாக அனுப்பினால் வாட்ஸப் அதைச் சுருக்குகிறது. அந்தச் சுருக்கத்தில் நிறத்தின் நுணுக்கம் ஒளியின் நுணுக்கத்தைவிட அதிகமாகக் கழிக்கப்படுவதால், நீலத்தின்மேல் சிவப்பு போன்ற எழுத்துகள் இன்னும் கசங்கிப்போகும். ஆகவே ஆவணமாக அனுப்புவதே பத்திரம். கைபேசியின் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஏற்பாடு ஸ்லைடிலோ பிடிஎஃபிலோ பலிக்காது என்பதையும் மறக்கலாகாது. அங்கே எழுத்து நாம் வைத்த அளவிலேயே நிற்கும்.

தாய்மார்களுக்கு அனுப்புமுன் திருத்திய ஸ்லைடை எங்கள் பெரியம்மாவின் கைபேசிக்கு அனுப்பினோம். அவருக்கு அறுபது வயது. கண்ணாடியை உள்ளேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, வெளிச்ச அளவு பாதியில் இருந்த திரையை முழங்கை மடிப்பு தூரத்தில் பிடித்து, விரலால் பெரிதாக்காமல் வாய்விட்டுப் படிக்கும்படி கேட்டுக்கொண்டோம். தலைப்பையும் மூன்று பொருள்களையும் தட்டின்றிப் படித்தார். சிவப்பு வரியில் மட்டும் “தலைதட்டி” என்ற இடத்தில் சற்று நின்றார். அங்கே சொல் இரண்டு வரிகளில் பிரிந்து கிடந்தது. வரியின் முற்பகுதியைச் சுருக்கி அச்சொல் ஒரே வரியில் நிற்கும்படி செய்து, மறுபடி அவரிடம் கொடுத்தோம்.